கடைசியாகச் சரியாக இருந்தது எப்போது? உணவு ஆலை ஆடிட் தேர்வில் ஒரு சம்பவக் கேள்வி

உணவு ஆலை ஆடிட் தேர்வில் அந்நியப் பொருள் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஒரு சம்பவமாகத்தான் வரும். மெட்டல் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று நேராகக் கேட்டால் படித்தவர்கள் எல்லாரும் எழுதிவிடுவார்கள். ஒரு ஷிஃப்டில் நடந்ததை மணி வாரியாகக் கொடுத்து, எந்தச் சரக்கை நிறுத்தி வைக்க வேண்டும், எதை விடலாம், ஏன் என்று கேட்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களின் பயிற்சி விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கருவி எப்போது பழுதானது என்று தேடுகிறார்கள். அது கடைசியாக எப்போது சரியாக இருந்தது என்பதற்கான சான்றைத் தேடுவதில்லை. இரண்டு நேரங்களுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகள் இருக்கலாம்.

பயிற்சிக்காக நான் கொடுக்கும் ஒரு சம்பவத்தை இங்கே முழுதாகப் பார்க்கலாம். ஒரு ஆலையில் பேஸ்ட் தயாராகிறது. தூள் வடிவப் பொருட்கள் முதலில் அதிரும் சல்லடை வழியாகச் சலிக்கப்பட்டு மிக்ஸருக்குப் போகின்றன. அங்கே தண்ணீரும் உப்பும் சேர்ந்து பேஸ்டாகி, பிளாஸ்டிக் பைகளில் அடைபட்டு, கடைசியாக கன்வேயரில் மெட்டல் டிடெக்டர் வழியாகப் போகிறது. நிமிடத்துக்கு 40 பாக்கெட். மெட்டல் டிடெக்டர் அந்த ஆலையின் உணவுப் பாதுகாப்புத் திட்டமான ஹேசப்பில் சிசிபி, அதாவது ஆபத்தைத் தடுக்கக் கட்டாயம் கண்காணிக்க வேண்டிய இடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1.5 மி.மீ. ஃபெரஸ், 2.0 மி.மீ. நான்-ஃபெரஸ், 2.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருண்டைகளை வைத்துச் சோதிக்க வேண்டும்.

காலை 6:00 மணிக்கு உற்பத்தி தொடங்குகிறது. பகல் 12:00 மணிச் சோதனையில் மூன்று உருண்டைகளும் பிடிபடுகின்றன. 12:30 முதல் 1:00 வரை சாப்பாட்டு இடைவேளை. 1:00 மணிக்கு உப்பு அதிகமான வேறொரு வகை பேஸ்ட்டுக்கு மாறுகிறார்கள். மாறியதும் நல்ல பாக்கெட்டுகளையே கருவி வரிசையாகத் தள்ளத் தொடங்குகிறது. 1:10க்கு லைன் ஆபரேட்டர் உணர்திறனைக் குறைக்கிறார், தள்ளுவது நின்றுவிடுகிறது. 2:00 மணிச் சோதனையில் முதல் இரண்டு உருண்டைகள் பிடிபடுகின்றன, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருண்டை தப்பிவிடுகிறது. லைன் நிறுத்தப்படுகிறது. கேள்வி: எத்தனை பாக்கெட்டுகளை ஹோல்டு செய்ய வேண்டும்?

பெரும்பாலானவர்கள் எழுதும் விடை 2,000. கருவியின் பதிவில் 1:10க்கு அமைப்பு மாறியது தெரிகிறது, அங்கிருந்து 2:00 வரை 50 நிமிடம், நிமிடத்துக்கு 40. கணக்கு சரி, விடை தவறு. சரியான விடை 3,600. 12:00 முதல் 12:30 வரை 1,200, 1:00 முதல் 2:00 வரை 2,400. கடைசியாக வெற்றி பெற்ற சோதனைக்குப் பிறகு அந்தக் கருவி வழியாகப் போன எல்லாமே ஹோல்டு. பிஆர்சிஜிஎஸ் உணவுத் தரநிலையின் 9வது பதிப்பிலும் (2022), 4.10.3 பிரிவில் இதே கோட்பாடுதான்: சோதனை தோற்றால், முந்தைய வெற்றிகரமான சோதனையிலிருந்து உற்பத்தியான சரக்கைத் தனிமைப்படுத்தி மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

ஏன் 1:10ஐ எல்லையாக வைக்கக் கூடாது? 1:10க்கு யாரோ அமைப்பை மாற்றினார்கள் என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. 12:05க்கோ 1:02க்கோ கருவி 2.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பிடித்திருக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. 1:00 மணிக்குச் சரக்கே மாறிவிட்டது. புதிய சரக்கோடு யாரும் உருண்டையை ஓட்டிப் பார்க்கவில்லை. முதலில் அகலமாக ஹோல்டு செய்துவிட்டு, பிறகு விசாரணையில் உறுதியான ஆதாரம் கிடைத்தால், அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோடு எல்லையைச் சுருக்கலாம். முதலில் சுருக்கமாக வைத்துவிட்டுப் பிறகு விரிப்பது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அதற்குள் சரக்கு லாரி ஏறியிருக்கும். இந்தச் சம்பவத்திலேயே 12:00 முதல் 12:20 வரை தயாரான 800 பாக்கெட்டுகள் ஏற்கெனவே லாரியில் இருப்பதாக வைத்திருக்கிறேன். 2,000 என்று எழுதியவருக்கு அந்த லாரி கண்ணிலேயே படாது. 3,600 என்று எழுதியவர் லாரியை வாசலிலேயே நிறுத்தச் சொல்வார். வாசலைத் தாண்டியிருந்தால், வாங்குபவரிடம் சொல்லித் திரும்ப வரவழைக்கும் நடைமுறை தொடங்கிவிடும்.

கேள்வியின் அடுத்த பகுதி, உப்பு அதிகமானதும் கருவி ஏன் நல்ல பாக்கெட்டைத் தள்ளியது என்பது. இதற்குக் கருவியின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். பெல்ட் போகும் அந்தச் சட்டத்துக்குள் மூன்று கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பது உயர் அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதற்கு இரு பக்கமும் சம தூரத்தில் இருக்கும் இரண்டு சுருள்களும் அந்தப் புலத்தை வாங்குகின்றன. இரண்டும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றும் குறுக்கே வராதபோது ஒன்றின் மின்னழுத்தத்தை மற்றது அழித்துவிடுகிறது. உலோகம் முதல் சுருள் பக்கம் வந்ததும் அந்தச் சமநிலை குலைகிறது. அந்தக் குலைவைத்தான் கருவி அளக்கிறது.

இரும்பு காந்தத்தன்மை உள்ளது, மின்சாரத்தையும் கடத்தும், அதனால் எளிதில் மாட்டும். தாமிரம், அலுமினியம் போன்றவை காந்தமில்லாவிட்டாலும் நன்றாகக் கடத்துகின்றன. ஆலைகளில் அதிகம் புழங்கும் 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இரண்டுமே குறைவு. காந்தத்தன்மை இல்லை என்றே சொல்லலாம், கடத்தும் திறனும் சுமார்தான். அதனால்தான் அதற்குப் பெரிய உருண்டை தேவைப்படுகிறது. இந்த இடத்தில் உப்புத் தண்ணீர் வந்து குழப்புகிறது. அதுவும் காந்தமில்லாத, ஓரளவு கடத்தும் பொருள். ஈரமும் உப்பும் கூடக் கூட, சரக்கே ஒரு சமிக்ஞையைக் கொடுக்கும். தொழிலில் இதை புராடக்ட் எஃபெக்ட் என்பார்கள். சூடான சரக்கும் ஆறிய சரக்கும்கூட வேறு வேறு அளவில் இதைக் காட்டும். உப்பு பேஸ்ட்டின் சமிக்ஞை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் சமிக்ஞைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாத கருவி, சரக்கையே உலோகம் என்று நினைத்துத் தள்ளுகிறது. உணர்திறனைக் குறைத்தால் தவறாகத் தள்ளுவது நிற்கும், அதோடு உண்மையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தப்பிப் போகும். 1:10க்கு நடந்தது அதுதான். மற்ற இரண்டு உருண்டைகளும் 2:00 மணிக்குப் பிடிபட்டதற்கும் இதுவே காரணம்.

செய்திருக்க வேண்டியது வேறு. ஒவ்வொரு சரக்கு வகைக்கும் கருவியில் தனி அமைப்பு இருக்க வேண்டும். அந்தச் சரக்கையே சில முறை ஓட்டிக் கருவிக்குப் பழக்கி, அதன் சமிக்ஞையைக் கழித்துவிடும்படி சரிசெய்து, பிறகு உருண்டைகளை வைத்து நிரூபித்த அமைப்பு அது. அப்படிச் செய்தும் உப்பு பேஸ்ட்டில் 2.5 மி.மீ. முடியவே இல்லை, 3.0 மி.மீ.தான் முடிகிறது என்ற நிலை வரலாம். அது குற்றமில்லை. ஆனால் அந்த முடிவை ஆபத்துப் பகுப்பாய்வோடு, எழுத்தில், ஹேசப் குழு எடுக்க வேண்டும். பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் அவசரத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. ஆடிட்டராக நான் இங்கே எழுதும் குறைபாடுகள் இரண்டு: சரக்கு மாறியபோது சோதனை நடக்கவில்லை, ஆபரேட்டரால் பாஸ்வேர்டு இல்லாமல் உணர்திறனை மாற்ற முடிந்தது. "ஆபரேட்டருக்குப் பயிற்சி போதாது" என்று மட்டும் எழுதும் விடைக்கு அரை மதிப்பெண்தான் கொடுப்பேன். அவரை அந்த நிலைக்குத் தள்ளிய அமைப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

மறுபரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. 2:30க்குக் கருவியைச் சரிசெய்து, சோதித்து, லைனைத் திரும்ப ஓட்டுகிறார்கள். 3,600 பாக்கெட்டுகளையும் மறுபடி ஓட்டும்போது ஐந்து பாக்கெட்டுகளைக் கருவி தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மறுபடி ஓட்டிப் பார்த்து, இந்த முறை தள்ளாமல் விட்டால் நல்லது என்று சேர்த்துவிடுவது நான் பார்த்த விடைகளில் அடிக்கடி வரும் தவறு. மெலிந்து நீண்ட உலோகத் துண்டு எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்துக் கருவி அதைப் பார்க்கும் அல்லது விடும். இரும்புக் கம்பி பெல்ட் ஓடும் திசையில் கிடந்தால் நன்றாக மாட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி அதற்குக் குறுக்கே கிடந்தால் நன்றாக மாட்டும். பேஸ்ட்டுக்குள் துண்டு கொஞ்சம் திரும்பிவிட்டால் இரண்டாவது ஓட்டத்தில் தப்பிவிடும். ஆகவே தள்ளப்பட்ட ஐந்தையும் திறந்து, உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்து, அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். மறுபரிசோதனை முடிந்ததும் கருவியை இன்னொரு முறை உருண்டைகளோடு சோதித்தால்தான் நடுவில் ஓடிய 3,600க்கும் சான்று கிடைக்கும்.

சோதனையைச் செய்யும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உருண்டையை வெறும் பெல்ட்டில் வைத்து ஓட்டினால், சரக்கின் பாதிப்பு இல்லாத சூழலில் கருவி எளிதாகப் பிடித்துவிடும். சரக்கோடு சேர்த்து ஓட்ட வேண்டும், அதுவும் முடிந்தவரை திறப்பின் நடுப்பகுதி வழியாகப் போகும்படி. சுருள்களிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் அந்த நடுவில்தான் உணர்திறன் மிகக் குறைவு. பிடிபட்டது என்று விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, பாக்கெட் உண்மையில் ரிஜெக்ட் பெட்டிக்குள் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். காற்றழுத்தம் குறைந்திருந்தால் விளக்கு எரியும், பாக்கெட் நேராகப் போய்விடும். இரண்டு உருண்டை வைத்த பாக்கெட்டுகள் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் விழுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டி பூட்டியிருக்க வேண்டும், சாவி அதிகாரம் உள்ளவரிடம் இருக்க வேண்டும். ஆலைக்குள் நடக்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தப் பூட்டைத்தான்.

சம்பவம் இங்கே முடியவில்லை. மாலை 4:00 மணிக்கு ஷிஃப்ட் முடிவில் சல்லடையைத் திறந்து பார்க்கிறார்கள். வலையில் ஒரு கிழிசல், நீளம் 3 செ.மீ., விளிம்பில் சில கம்பித் துண்டுகளைக் காணோம். அந்தச் சல்லடை கடைசியாகச் சரியாக இருந்ததற்கான பதிவு காலை 6:00 மணியுடையது.

இப்போது ஹோல்டு காலை 6:00 வரை பின்னால் போகிறது. பத்து மணி நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை அரை மணி, டிடெக்டர் பழுதுக்காக நின்றது அரை மணி. மீதி 540 நிமிடம், 40ஆல் பெருக்கினால் 21,600 பாக்கெட். டிடெக்டர் கணக்கின் 3,600 இதற்குள் அடங்கிவிடுகிறது. மிக்ஸரில் இருக்கும் பேஸ்ட், சலித்து வைத்த தூள், திரும்பக் கலப்பதற்காக எடுத்து வைத்த மீதம் ஆகியவையும் ஹோல்டில்தான் சேரும். அந்த மீதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நேற்றைய மீதம் இன்று கலந்தது போல, இன்றைய மீதம் நாளைய பேட்ச்சுக்குள் போய்விடும்.

அடுத்து எல்லாரும் எழுதுவது: "21,600 பாக்கெட்டுகளையும் சரிசெய்த மெட்டல் டிடெக்டரில் மறுபடி ஓட்டி விடலாம்." டிடெக்டர் பழுதுக்கு அது சரியான தீர்வாக இருந்தது. சல்லடைக் கிழிசலுக்கு அது தீர்வாகாது. இந்தக் கேள்வியில் அதிக மதிப்பெண் இருப்பதும் இங்கேதான்.

கிழிந்த சல்லடையால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, மேலே நின்றிருக்க வேண்டிய கல், மரச் சிம்பு, பிளாஸ்டிக், நூல் எல்லாம் ஓட்டை வழியாக இறங்கியிருக்கலாம். மெட்டல் டிடெக்டருக்கு இவற்றில் எதுவுமே தெரியாது. இரண்டு, வலையின் கம்பியே உணவுக்குள் போயிருக்கலாம். வலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கம்பியின் தடிமன் கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மி.மீ. நீளத் துண்டின் கன அளவு ஏறக்குறைய 0.5 கன மி.மீ. டிடெக்டர் பிடிக்க வேண்டிய 2.5 மி.மீ. உருண்டையின் கன அளவு ஏறக்குறைய 8.2 கன மி.மீ. அதாவது அந்தக் கம்பித் துண்டில் உருண்டையில் உள்ளதைப் போலப் பதினாறில் ஒரு பங்கு உலோகம்தான் இருக்கிறது. அதே உலோகத்தை உருட்டினால் 1 மி.மீ. உருண்டைதான் வரும். கருவி கன அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, திசையும் சேர்ந்துதான் முடிவாகிறது என்று மேலே பார்த்தோம். ஆனாலும் இந்த ஒப்பீடு போதும்: எல்லாச் சோதனையிலும் வெற்றி பெற்ற டிடெக்டர்கூட இந்தக் கம்பியை விட்டுவிட வாய்ப்பு அதிகம். "2.5 மி.மீ. உணர்திறன்" என்பது அந்த அளவு உருண்டையைப் பற்றிய வாக்குறுதி மட்டுமே.

காந்தம் போட்டால் பிடிக்குமே என்று சிலர் எழுதுவார்கள். 304 வகைக் கம்பியை இழுத்து, நெய்து வலையாக்கும்போது அதற்கு லேசான காந்தத்தன்மை வருவது உண்டு. அதை நம்பி 21,600 பாக்கெட்டுகளை விட முடியாது.

சரி, என்னதான் செய்வது? முதலில் காணாமல் போன கம்பிகளைத் தேட வேண்டும். சல்லடையின் மேல் தட்டில் ஒதுங்கிய கழிவு, வலைக்கு அடியில் இருக்கும் தட்டு, தூள் இறங்கும் குழாய், மிக்ஸர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, கிடைத்த துண்டுகளைக் கிழிசலின் விளிம்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். கிழிந்த வலையை அப்படியே ஒரு தட்டில் ஒட்டி, துண்டுகளை அதனதன் இடத்தில் வைத்துப் படம் எடுத்த ஓர் ஆலையைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு படம் பத்துப் பக்க அறிக்கையைவிட அதிகம் சொன்னது. எல்லாத் துண்டுகளும் கணக்கில் வந்தால் கம்பி ஆபத்து அடங்குகிறது. ஓட்டை வழியாக மற்றவை இறங்கிய ஆபத்து அப்போதும் நிற்கும். அதற்கு, முந்தைய நாட்களில் மேல் தட்டில் என்னென்ன ஒதுங்கின என்ற பதிவு உதவும். மாதக்கணக்கில் வெறும் தூள் கட்டி மட்டும் ஒதுங்கியிருந்தால் ஒரு முடிவு, சணல் நூலும் கல்லும் வழக்கமாக வந்திருந்தால் வேறு முடிவு. மேல் தட்டுக் கழிவைப் பார்க்காமல் குப்பையில் கொட்டும் ஆலை இந்த ஆதாரத்தைத் தானே தூக்கி எறிகிறது.

துண்டுகள் கணக்கில் வராவிட்டால் வழிகள் குறைவு. சலித்து வைத்த தூளை நல்ல வலையில் மறுபடி சலிக்கலாம். அப்போதும் கவனம் வேண்டும்: மெல்லிய கம்பி நிமிர்ந்து நின்றால் தன் நீளத்தைவிடப் பல மடங்கு சிறிய கண் வழியாகவும் நுழைந்துவிடும். வலையின் கண் அளவை எழுதும்போது இன்னொரு குழப்பமும் வரும். மெஷ் எண் என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்ற எண்ணிக்கை. எண் கூடினால் கண் சிறிதாகும். 30ஆம் எண் சோதனைச் சல்லடையின் திறப்பு 0.6 மி.மீ., 10ஆம் எண்ணின் திறப்பு 2 மி.மீ. "30 மெஷ், ஆகவே 30 மைக்ரான்" என்று எழுதிய விடைகளையும் பார்த்திருக்கிறேன்.

அடைத்த பாக்கெட்டுகளுக்கு எக்ஸ்ரே ஒரு வாய்ப்பு. எக்ஸ்ரே பார்ப்பது அடர்த்தியையும் தடிமனையும். கதிர் பாக்கெட்டைக் கடந்து போகும் வழியில் எங்கே அதிகம் உறிஞ்சப்படுகிறதோ அங்கே படம் கருக்கும். தண்ணீரின் அடர்த்தி 1, கண்ணாடி ஏறக்குறைய 2.5, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறக்குறைய 8. ஆகவே பேஸ்ட்டுக்குள் எஃகும் கண்ணாடியும் கல்லும் தெரியும். எஃகாக இருந்தாலும் கால் மில்லிமீட்டர் கம்பி கதிரின் பாதையில் மிகச் சிறிய தூரத்துக்குத்தான் குறுக்கே வருகிறது. பாக்கெட் தடிமனாக இருந்தால் அந்தச் சின்ன வித்தியாசம் மங்கிவிடும். ஆகவே "எக்ஸ்ரேயில் ஓட்டலாம்" என்று மட்டும் எழுதக் கூடாது. அதே வலையிலிருந்து அதே நீளத்தில் கம்பி வெட்டி, அதே பாக்கெட்டில், வெவ்வேறு இடத்திலும் திசையிலும் வைத்து ஓட்டி, ஒவ்வொரு முறையும் பிடிபடுகிறது என்று நிரூபித்த பிறகு ஓட்டலாம் என்று எழுத வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் சரக்கை அழிப்பதுதான் மிச்சம்.

இதற்குள் இன்னொன்று காத்திருக்கிறது. சல்லடையைத் திறந்தவர்கள், அதன் உறையில் உள்ளே பார்ப்பதற்காக வைத்திருந்த அக்ரிலிக் ஜன்னலின் ஒரு மூலை உடைந்திருப்பதைப் பார்க்கிறார்கள். நகம் அளவு துண்டு ஒன்றைக் காணோம். அந்த ஜன்னல் வலைக்குக் கீழே, தூள் இறங்கும் பக்கத்தில் இருக்கிறது. ஆலையின் கண்ணாடி மற்றும் உடையும் பிளாஸ்டிக் பட்டியலில் அது இருக்கிறது, மாதம் ஒருமுறை பார்க்கப்படுகிறது. இன்று மாதத்தின் 19ஆம் தேதி, கடைசியாகப் பார்த்தது 1ஆம் தேதி.

அதே கேள்வியை இங்கேயும் கேட்டால் ஹோல்டு 1ஆம் தேதி வரை போகிறது. அதில் பெரும்பகுதி விற்பனைக்கே போயிருக்கும். கீழே எந்தக் கருவியும் காப்பாற்றாது. மெட்டல் டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் தெரியாது. அக்ரிலிக்கின் அடர்த்தி 1.2 அளவில்தான், பேஸ்ட்டின் அடர்த்தியோடு ஒட்டியே நிற்கிறது, அதனால் எக்ஸ்ரேயும் இதைத் தேடித் தராது. "எக்ஸ்ரே வாங்கிவிட்டோம், கண்ணாடிப் பட்டியல் தேவையில்லை" என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கண்ணாடியிலேயேகூட, தட்டையான மெல்லிய சில்லு படுத்த நிலையில் போனால் எக்ஸ்ரேக்கு மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடி ஜாடிக்குள் கிடக்கும் சில்லு ஜாடியின் வளைந்த அடிப்பகுதியில் ஒளிந்துகொள்ளும்.

இங்கே ஆலையைக் காப்பாற்றக்கூடியது ஒரு பழைய பதிவுதான். பட்டியலில் அந்த ஜன்னலுக்கு நேராக, "வலது கீழ் மூலையில் 8 மி.மீ. உடைந்துள்ளது" என்று நான்கு மாதங்களுக்கு முன்பே தேதியோடு எழுதி, படமும் வைத்திருந்தால், இன்றைய உடைவை அந்தப் படத்தோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றேயானால் அந்தத் துண்டு இந்த மாதச் சரக்கில் போயிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அப்போது ஆடிட்டர் கேட்கும் கேள்வி மாறும்: நான்கு மாதங்களுக்கு முன் உடைந்தபோது துண்டு எங்கே போனது, உடைந்த ஜன்னலை ஏன் நான்கு மாதம் அப்படியே விட்டீர்கள்? பட்டியலில் வெறும் "சரி" என்ற டிக் மட்டும் இருந்தால், 1ஆம் தேதி டிக் போட்டவர் ஜன்னலை உண்மையிலேயே பார்த்தாரா என்பதைக்கூட நிரூபிக்க முடியாது. ஒரே பேனாவில், ஒரே நேரத்தில், ஒரே சாய்வில் வரிசையாக விழுந்த முப்பது டிக்குகளைப் பார்க்கும்போது ஆடிட்டருக்கு வரும் சந்தேகம் நியாயமானது.

அமெரிக்க எஃப்டிஏவின் வழிகாட்டலில் 7 முதல் 25 மி.மீ. வரையிலான கடினமான அல்லது கூர்மையான பொருள் உணவில் இருந்தால் நடவடிக்கைக்கு உரியது என்று இருப்பதைப் படித்தவர்கள், 7 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்று இந்த இடத்தில் எழுதிவிடுகிறார்கள். அப்படி அந்த வழிகாட்டல் சொல்லவில்லை. குழந்தைகள், முதியவர்கள் போன்றோருக்கான உணவில் அதைவிடச் சிறியதும் ஆபத்தாகக் கருதப்படும் என்று அதிலேயே இருக்கிறது.

கண்ணாடி கண்ணெதிரே உடையும்போது செய்ய வேண்டியவை எல்லாருக்கும் தெரிந்தவைதான்: லைனை நிறுத்துவது, இடத்தை மறிப்பது, அங்கே நின்றவர்களின் காலணி, உடையைப் பார்த்த பிறகே வெளியே விடுவது, அதற்கென்றே வைத்த துடைப்பத்தால் கூட்டுவது, கம்ப்ரஸ்டு ஏர் அடிக்காமல் இருப்பது, துண்டுகளைச் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பது, அதிகாரம் உள்ளவர் கையெழுத்து வந்த பிறகே திரும்ப ஓட்டுவது. யாரும் பார்க்காதபோது உடைந்ததுதான் நம் சம்பவம் போலச் சிக்கலாகிறது.

விடையின் கடைசிப் பகுதியில் ஆலை எதை மாற்ற வேண்டும் என்று எழுதச் சொல்லியிருக்கும். "எல்லாச் சோதனையையும் அடிக்கடி செய்ய வேண்டும்" என்று எழுதுவது வீண். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதை முடிவு செய்வது, தோற்றால் எவ்வளவு சரக்கை நிறுத்தி வைத்து மீட்க முடியும் என்பதுதான். மெட்டல் டிடெக்டரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகபட்சம் 4,800 பாக்கெட்டைத் திரும்ப ஓட்ட வேண்டிவரும், அதை ஆலை சமாளிக்கும். சரக்கு மாறும்போதும் ஒரு சோதனை கட்டாயம் என்று சேர்த்துக்கொண்டால் போதும். சல்லடையில் தோற்றால் திரும்ப ஓட்டித் தப்பிக்க வழியே இல்லை என்று பார்த்தோம். ஆகவே அதை ஷிஃப்டுக்கு இரண்டு முறையோடு விடாமல், ஒவ்வொரு மிக்ஸர் பேட்ச்சுக்கும் முன்பும் பின்பும் திறந்து பார்க்க வேண்டும். அப்போது கிழிசல் தெரிந்தால் ஒரு மிக்ஸர் அளவு பேஸ்ட் மட்டுமே போகும். அந்த பேட்ச் பைகளில் அடைபடும் முன்பே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அக்ரிலிக் ஜன்னலை எத்தனை முறை பார்த்தாலும் கீழே அதைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போட்டு மூடச் சொல்லி, பட்டியலிலிருந்து அந்த வரியை அடித்துவிடச் சொல்வேன்.